நீலம் என்றால் எது?

போன மாதம் அலமாரி மேல்தட்டைத் துடைக்கப் போனபோது பழைய பிஸ்கட் டின் ஒன்று தலையில் விழாமல் தோளில் விழுந்தது. திறந்தால் மைலோ டப்பா அட்டையை வெட்டிச் செய்த சீட்டுகள். பச்சைப் பக்கம் வெளியே, சாம்பல் பக்கம் எழுத்து. 60 சீட்டு எழுதியது ஞாபகம். எண்ணிப் பார்த்தால் 47. மற்ற 13 சீட்டும் 40 வருடத்தில் யார் யாருடைய சட்டைப் பையோடு சலவைக்குப் போனதோ தெரியாது.

1986-ல் வயர்மேன் பரீட்சைக்காக எழுதியவை அவை. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். பரீட்சை மலாயில். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பேசியது தமிழில். கடையில் சாமான் வாங்கும்போது ஆங்கிலம். அதனால் சீட்டில் மூன்றும் ஒரே வரியில், எல்லாம் தமிழ் எழுத்தில். ‘பெண்டாவாய் பாசா துங்கால்’ என்று எழுதியிருக்கிறேன். ஒற்றை ஃபேஸ் வயர்மேனுக்கு மலாய்ப் பெயர் அது. என் அம்மா இதைப் படித்துவிட்டு, ‘பெண்ட வாய்னா என்னடா, வாயில என்ன கோளாறு?’ என்று கேட்டார்.

பாடம் நடந்தது பிரிக்பீல்ட்ஸில், ஓய்வு பெற்ற மின்வாரியக்காரர் ஒருவரின் வீட்டு முன்கூடத்தில். எல்லோரும் ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவோம். அப்போது எல்.எல்.என். என்ற வாரியம், 1990 செப்டம்பரில்தான் அது தெனாகா நேஷனல் ஆனது. சுபாங் ஜெயாவிலிருந்து நான் பஸ் ஏறிப் போவேன். கொம்யூட்டர் ரயில் வர இன்னும் 9 வருடம் இருந்தது.

சுபாங் ஜெயா என்றால் அப்போது பாதி வீடு, பாதி தோட்டம். சீபீல்டு தோட்டத்து நிலத்தில் 1976-லிருந்து வரிசை வீடுகள் கட்டிக்கொண்டே வந்தார்கள். அப்பா அம்மா பால் வெட்டிய நிரையில் நான் கான்ட்ரெக்டரோடு சுவரை வெட்டிக் குழாய் பதித்துக்கொண்டிருந்தேன். குடும்பத் தொழில் என்னவோ மாறவில்லை, வெட்டுவதுதான்.

இப்போது என் அக்கா மகன் எஸ்.கே.எம். சான்றிதழுக்குப் படிக்கிறான். அடுத்தது எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் தகுதி. அவனிடமும் சீட்டு இருக்கிறது, போனில். 600-க்கு மேல். வழித்தால் பதில் தெரிகிறது, தெரியாததை மறுநாள் அதுவே மறுபடி கேட்கிறது. நான் மைலோ குடித்துத் தீர்ந்தால்தான் அடுத்த 4 சீட்டு என்று காத்திருந்தவன். அவன் எல்.ஆர்.டி.யில் யு.எஸ்.ஜே.யிலிருந்து மஸ்ஜித் ஜாமெக் போய்ச் சேருவதற்குள் 200 சீட்டு முடித்துவிடுகிறான்.

டின்னைக் காட்டினேன். மரியாதையாகப் பார்த்தான், அருங்காட்சியகத்தில் பானை பார்ப்பது மாதிரி.

‘மாமா, படமெல்லாம் கையால வரைஞ்சீங்களா?’

வரைந்ததுதான். வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டால் விளக்கு. சின்ன வட்டத்திலிருந்து ஒரு வால் நீண்டு, நுனியில் மடிந்தால் ஒரு வழி சுவிட்ச். இரண்டு பக்கமும் வால் இருந்தால் மாடிப்படிக்குப் போடும் இரு வழி சுவிட்ச். பெரியதிலிருந்து சிறியதாகக் கீழ்நோக்கி மூன்று கோடு, அது எர்த். என் இரு வழி சுவிட்ச் கொஞ்சம் தவளைக்குஞ்சு மாதிரி இருக்கிறது. ஆனால் குறிகளில் பெரிய மாற்றம் இல்லை. அவன் போனிலும் அதே தவளைக்குஞ்சுதான், சுத்தமாக வரைந்தது. சண்டை வந்தது வேறு சீட்டில்.

7-ம் எண் சீட்டு. முன்பக்கம்: ‘நீலம்?’ பின்பக்கம்: ‘மூணாவது ஃபேஸ். ஹிடுப். தொடாதே.’

ஹிடுப் என்றால் மலாயில் உயிரோடு இருப்பது. கரண்ட் உள்ள கம்பிக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை அதுதான். மாஸ்டர் இதில் ஒரு வேடிக்கை செய்வார். ‘கம்பி ஹிடுப்பா இருந்தா நீ மாத்தி’ என்பார். மாத்தி என்றால் செத்தது.

அவன் போன் சீட்டு சொன்னது: ‘நீலம் = நியூட்ரல்.’

‘மாமா, உங்க சீட்டு பழசு’ என்றான். சொன்ன விதத்தில் குற்றமில்லை. பழசுதான். அதே டின்னில் ‘240 வோல்ட்’ என்ற சீட்டில் 240-ஐ அடித்து 230 என்று எழுதியிருக்கிறேன், வேறு பேனாவால். 2008-ல் மலேசியா பெயரளவு மின்னழுத்தத்தை 230 என்று மாற்றியபோது செய்த திருத்தம் அது. (வீட்டுச் சாக்கெட்டில் மீட்டரை வைத்தால் அன்றும் 240-ஐ ஒட்டித்தான் காட்டியது, இன்றும் அப்படித்தான். மாறியது காகிதம்.) ஆக, ஒரு சீட்டு மாறியிருந்தால் இன்னொன்றும் மாறியிருக்கும் என்று அவன் நினைத்ததில் நியாயம் இருந்தது.

ஆனால் அது மாறவில்லை. இங்கே சுவருக்குள் ஓடும் வயரிங்கில் இன்றும் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை அல்லது பச்சை-மஞ்சள் எர்த். சிங்கப்பூர்தான் 2009-லிருந்து மாற்றியது. பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் ஃபேஸ், நீலம் நியூட்ரல். இங்கிலாந்து அதற்கு முன்பே மாறிவிட்டது. அதாவது ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் கறுப்பு நியூட்ரல், அந்தப் பக்கம் கறுப்பு ஃபேஸ். இந்தப் பக்கம் நீலம் அடிக்கும், அந்தப் பக்கம் பெரும்பாலும் அடிக்காது. அவன் இறக்கி வைத்திருந்த 600 சீட்டையும் யாரோ பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு எழுதியிருக்கிறார்கள்.

இதைவிடக் குழப்பம் ஒன்று இங்கேயே உண்டு. ஃபேன், கேத்தல், இஸ்திரிப்பெட்டி இவற்றிலிருந்து தொங்கும் வளையும் வயரில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். ஆக, ஒரே வீட்டில் சுவருக்கு உள்ளே நீலம் ஃபேஸ், வெளியே நீலம் நியூட்ரல். சாக்கெட்டின் முகம்தான் எல்லைச் சாவடி.

இதை நான் அவனுக்கு விளக்கமாகச் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன். காரணம், நானே அந்தச் சாவடியில் மாட்டியவன்.

1986-ல், பரீட்சைக்கு 2 மாதம் முன்னால், எஸ்.எஸ். 14 பக்கம் ஒரு வீட்டில் மேஜை ஃபேனுக்குப் பிளக் மாட்டச் சொன்னார்கள். என் சீட்டில் இருந்ததெல்லாம் சுவர் வயர் நிறங்கள்தான். ஃபேன் வயரை உரித்தால் பழுப்பு, நீலம், பச்சையும் மஞ்சளும் கோடு போட்டது. நான் யோசித்தேன். நீலம், சந்தேகமே இல்லை, ஃபேஸ், 7-ம் சீட்டு. பழுப்பு என்பது மண் நிறம். மண்ணுக்குப் போவது எர்த். அதை மேல் பின்னில் முறுக்கினேன். மிச்சம் கோடு போட்டது. அதில் பச்சை எர்த், மஞ்சள் ஃபேஸ், இரண்டும் கலந்தால் நடுவில் நிற்பது நியூட்ரல்தானே! இன்றுகூட அந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க எனக்கு மனம் வருவதில்லை.

சுவிட்சைப் போட்டேன். ஃபேன் இறக்கை ஒரு அங்குலம் நகர்ந்திருக்கும். வீடு முழுக்க இருட்டு. இ.எல்.சி.பி. விழுந்துவிட்டது.

ஏன் விழுந்தது என்பதை மாஸ்டர் அன்றிரவு ஒரு சீட்டு எழுதவைத்துப் புரியவைத்தார். இ.எல்.சி.பி. ஒரு கணக்குப்பிள்ளை. ஃபேஸில் போனது எவ்வளவு, நியூட்ரலில் திரும்பி வந்தது எவ்வளவு என்று மட்டும் பார்க்கும். என் ஃபேன் 50 வாட். 240 வோல்ட்டில் அது சுமார் 0.2 ஆம்பியர், அதாவது 200 மில்லியாம்பியர் இழுக்கும். போன 200-ம் நியூட்ரல் வழியாகத் திரும்பாமல் என் ‘மண்’ கம்பி வழியாக எர்த்துக்குப் போய்விட்டது. கணக்கில் 200 துண்டு. அந்த வீட்டு இ.எல்.சி.பி. 100 மில்லியாம்பியரைத் தாண்டவிடாத வகை. அதனால் விழுந்தது. கோடு போட்ட கம்பி ஃபேன் உடம்போடு சேர்ந்தது; அதை நான் நியூட்ரலில் கட்டியதால் வீட்டுக்காரம்மா அடிபடவில்லை. அதை ஃபேஸில் கட்டியிருந்தால் ஃபேன் உடம்பே ஹிடுப் ஆகியிருக்கும். மூன்று கம்பியையும் தப்பாக மாட்டியும் ஆள் தப்பித்தது, தப்பிலும் ஒரு அதிர்ஷ்டம் இருந்ததால்தான்.

மாஸ்டர் திட்டவில்லை. ‘எந்த நீலம்னு சீட்டுல கேட்கலையேப்பா’ என்றார். அதோடு விட்டார். நானும் 7-ம் சீட்டைத் திருத்தவில்லை. பரீட்சையில் ‘நீலம்?’ என்றுதான் கேட்பார்கள், ‘எந்த நீலம்?’ என்று கேட்கமாட்டார்கள் என்பது என் துணிபு. தேறியும்விட்டேன்.

இப்போது மருமகன் கதை. அந்தச் சீட்டுச் சண்டைக்குப் பிறகு சுபாங் ஜெயாவில் ஒரு மூலை வீட்டுச் சமையலறைக்குப் புதிதாக 2 சாக்கெட். மூன்று ஃபேஸ் வந்த வீடு. அவனுடைய முதலாளி டி.பி.யில் நீல ஃபேஸில் ஒரு எம்.சி.பி. ஒதுக்கி, நீலக் கம்பியை அதில் மாட்டி, கறுப்பை நியூட்ரல் கட்டையில் மாட்டிவிட்டு, ‘அந்தப் பக்கத்தை நீ முடி’ என்று வேறு வேலைக்குப் போய்விட்டார். பையன் அந்தப் பக்கத்தை முடித்தான், போனில் படித்தபடி. நீலம் நியூட்ரல், எனவே இடது முனை. கறுப்பு ஃபேஸ், எனவே வலது முனை. பச்சை மேலே. ஒரே கம்பியின் இரண்டு முனையில் இரண்டு நாட்டுச் சட்டம்.

பவர் போட்டார்கள். கேத்தல் கொதித்தது. ரைஸ் குக்கர் எரிந்தது. வீட்டுக்காரம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். எதுவும் விழவில்லை.

நான் அந்த வழியாகப் போனவன், அவனை ஏற்றிக்கொண்டு போக வந்தேன். கிழவனுக்கு ஒரு பழக்கம்: எந்த வீட்டுக்குப் போனாலும் பையில் இருக்கும் மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டரைக் குத்திப் பார்ப்பது. சிலர் அடுத்த வீட்டு நாயைத் தடவுவதில்லையா, அது மாதிரி. குத்தினேன். விளக்கு வரிசை தப்பாக எரிந்தது. டெஸ்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் சின்னப் பட்டியலில் பார்த்தால், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன.

‘எல்லாம் வேலை செய்யுதே மாமா’ என்றான்.

வேலை செய்யும்தான். கேத்தலுக்கு எந்தக் கால் எது என்று கவலை இல்லை.

‘இ.எல்.சி.பி.யும் விழலையே?’

விழாது. கணக்குப்பிள்ளைக்குப் போனதும் வந்ததும் சரியாக இருக்கிறது. வலது வாசலில் போய் இடது வாசலில் வந்தாலும் இடதில் போய் வலதில் வந்தாலும் தொகை ஒன்றுதான். என் தப்புக்கு வீடு முழுக்க இருட்டானது. அவன் தப்புக்குத் தேத்தண்ணி கிடைத்தது. இரண்டில் எது ஆபத்து என்று கேட்டால் என்னுடையது என்றுதான் எவரும் சொல்வார்கள்.

‘சுவிட்சை அணை’ என்றேன். சாக்கெட் சுவிட்சை அணைத்தான். சரியாக மாட்டிய சாக்கெட் என்றால் டெஸ்டரின் மூன்று விளக்கும் செத்துப்போக வேண்டும். இதில் ஒன்று மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. அவன் குனிந்து பார்த்தான். திரும்பப் போட்டு, திரும்ப அணைத்தான். அந்த ஒன்று அணையவே இல்லை.

சாக்கெட்டில் உள்ள சுவிட்ச் பெரும்பாலும் வலது முனையை மட்டும்தான் வெட்டும், ஃபேஸ் அங்கேதான் இருக்கும் என்ற நம்பிக்கையில். இங்கே வலதில் நியூட்ரல். சுவிட்ச் நியூட்ரலை வெட்டிவிட்டு, ஃபேஸை அப்படியே உள்ளே விட்டுவிட்டது. பிளக்கில் இருக்கும் ஃபியூஸும் அதே வலது கால். அது எரிந்துபோனாலும் கேத்தலுக்குள் 230 வோல்ட் உட்கார்ந்திருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று தைரியமாக டோஸ்டருக்குள் கத்தியை விட்டு ரொட்டித்துண்டை எடுப்பவர்கள் எத்தனை பேர்! தரை ஈரமாக இருந்தால் அந்தக் கத்திக்குப் பிறகுதான் இ.எல்.சி.பி. கணக்கில் துண்டு விழும். அப்போதும் அது 100 மில்லியாம்பியர் வகை என்றால் ஆளுக்கு அது தாமதமான கருணை.

அந்த எண்ணுக்கும் என்னிடம் சீட்டு உண்டு, 22-ம் எண். பழைய எழுத்தில் ‘100’ மட்டும். கீழே நீல மையில் பிற்காலச் சேர்க்கை: 1994 மின் விதிமுறைப்படி கையில் பிடித்து வேலை செய்யும் சாதனம் உள்ள இடத்துக்கு 30, தரை ஈரமாகும் இடத்துக்கு 10, மற்றதுக்கு 100. குளியலறை ஹீட்டருக்கு 10 என்று பையனுக்கும் மனப்பாடம். அந்த மூலை வீட்டின் பழைய டி.பி.யில் முழு வீட்டுக்கும் ஒரே 100 தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்தோம்.

பவரை நிறுத்தி, சாக்கெட்டைக் கழற்றி இரண்டு கம்பியையும் இடம் மாற்ற 5 நிமிடம். அதற்கு முன் ஒரு சோதனையைச் செய்யவைத்தேன், அவன் முதல் தடவை விட்டதை. டி.பி. பக்கம் நீலத்தையும் கறுப்பையும் கழற்றிவிட்டு, நீலத்தை எர்த்தோடு தற்காலிகமாக ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தான். சாக்கெட் பக்கம் மீட்டரை வைத்து, வலது முனைக்கும் எர்த்துக்கும் நடுவே பார்த்தான். ஓம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். இடதுக்கும் எர்த்துக்கும் நடுவே எதுவும் காட்டக்கூடாது. அவன் மாட்டிய நிலையில் நேர்மாறாகக் காட்டியது. பவரே இல்லாமல், யாரும் எதையும் தொடாமல், தப்பு தெரிந்துவிட்டது. மாற்றி மாட்டி மறுபடி பார்த்தான். பிறகு அந்தத் துண்டுக் கம்பியை எடுக்கச் சொன்னேன். அதை மறந்துவிட்டு எம்.சி.பி.யைப் போட்டால் நேராக ஷார்ட்.

சாக்கெட் டெஸ்டர் போதாதா என்று கேட்டான். அதற்கும் ஒரு குருட்டு இடம் உண்டு: நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருந்தால் அது ‘எல்லாம் சரி’ என்று எரியும். இரண்டும் கிட்டத்தட்ட பூஜ்ய வோல்ட்டில்தானே இருக்கின்றன.

இந்தச் சோதனையெல்லாம் யாரோ செய்ததாகத்தான் ‘போராங் எச்’ சொல்லும். வேலை முடித்ததற்கு ‘போராங் ஜி’, சோதித்ததற்கு ‘போராங் எச்’ என்று இரண்டு படிவம் கையெழுத்தாகிப் போகும். அவற்றில் கையெழுத்துப் போட உரிமை உள்ளவன் ஆவதற்குத்தான் பையன் 600 சீட்டையும் வழித்துக்கொண்டிருக்கிறான்.

என் சீட்டுகளிலும் யோக்கியமில்லாதது உண்டு. 15-ம் எண்: ‘டெஸ்ட் பேனா எரியவில்லை என்றால்?’ பதில்: ‘கரண்ட் இல்லை.’ மாஸ்டர் இதைப் பார்த்திருந்தால் கிழித்திருப்பார். பேனாவுக்குள் பெரிய மின்தடை ஒன்றும் சின்ன நியான் விளக்கும் இருக்கின்றன. நம் உடம்பு வழியாக நூலளவு கரண்ட் ஓடினால்தான் எரியும். காய்ந்த மர ஏணியில் நின்றால் மங்கும். வெயிலில் எரிந்தாலும் தெரியாது. உள்ளே விளக்கு பழுதாகியிருந்தாலும் எரியாது. அதனால் மாஸ்டர் முறை வேறு: கரண்ட் இருப்பது நிச்சயமான இடத்தில் முதலில் வைத்துப் பார், பிறகு வேலை செய்யும் இடத்தில் பார், திரும்பவும் நிச்சயமான இடத்தில் வைத்துப் பார். மூன்றாவதைத்தான் எல்லோரும் விடுவார்கள். வயிறு பசிக்கும் நேரம் அது. இரண்டு முனை டெஸ்டர் வாங்கச் சொல்வார். எங்கள் சம்பளத்துக்குப் பேனாதான் கட்டியது. பையனிடம் இரண்டு முனை டெஸ்டர் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது, சட்டைப் பையில். டெஸ்டர் வேனில்.

போன வாரம் அவன் தன் போனில் சொந்தமாக ஒரு சீட்டு சேர்த்தான். முன்பக்கம் ‘நீலம்?’ பின்பக்கம்: ‘எந்த ஊர்? சுவருக்கு உள்ளேயா, வெளியேயா?’ மறுநாள் போன் அதைக் கேட்டது. வழித்தான். கேள்விக்குக் கேள்வியே பதிலாக வந்தது. ‘தெரியுமா, தெரியாதா?’ என்று கீழே இரண்டு பொத்தான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ‘தெரியாது’ அழுத்தினான். இனி தினமும் அதையே கேட்கப்போகிறது.

என் 47 சீட்டையும் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றான். எடுத்தான். 31-ம் எண்ணில் நின்றுவிட்டான்.

‘மாமா, இது என்ன? “தெ. பூ. 3 அடி, உப்பு போடு.”’

சீட்டை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தேன். ‘பூ’ என்பது பூமி, மலாயில் எர்த்துக்கு அதுதான் பெயர். உப்பு, எர்த் கம்பி அடிக்கும் மண்ணில் போடுவார்கள், தடையைக் குறைக்க. ‘தெ’ என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தென்னை மரமா என்று கேட்டான். அம்மா சமையல் குறிப்பை என் சீட்டில் எழுதியிருப்பாரோ என்றும் ஒரு சந்தேகம். கையெழுத்து என்னவோ என்னுடையதுதான்.